மாவட்ட வேளாண் நிலவரைத் தொகுப்பில் மண்ணும் பயிரும் எப்படி வரையப்படுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாவட்டத்தின் வேளாண் நிலவரைத் தொகுப்பை, அதாவது அட்லஸை, திறந்தால், மண் வகைப் பக்கமும் பயிர் மண்டலப் பக்கமும் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒரே அளவில், ஒரே மாவட்ட எல்லைக்குள், ஒரே மாதிரி வண்ணங்களில் அச்சாகியிருப்பதால் இரண்டையும் ஒரே கண்ணால் படித்துவிடுகிறோம். ஆனால் அவை உருவாகும் வழி வேறு வேறு. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த வேறுபாட்டைச் சுற்றியே வருகின்றன.

மண் வரைபடத்தில் ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் கோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லா இடத்திலும் தோண்டிப் பார்ப்பார்களா?

முடியாது. ஒரு மாவட்டம் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் இருக்கும். தோண்டிப் பார்க்கும் இடங்கள் அதில் வெறும் புள்ளிகள்தான். கோடுகளில் பெரும்பகுதி நிலத்தின் உருவத்தைப் படித்துப் போடப்படுகிறது.

வேலை மேசையில் தொடங்குகிறது. சம உயரக் கோடுகள் உள்ள நிலப்படம், செயற்கைக்கோள் படம், பாறை வகைப் படம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, குன்று, குன்றின் அடிச்சரிவு, அலை அலையான சமவெளி, பள்ளத்தாக்கு, ஆற்றுப் படுகை என்று நிலத்தை முதலில் பிரிப்பார்கள். மண் உருவாவதற்கு ஐந்து காரணிகள் சொல்லப்படுவது வழக்கம்: தாய்ப்பாறை, காலநிலை, நிலத்தின் மேடு பள்ளமும் சரிவும், உயிரினங்கள், காலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யாவின் தோகுச்சயேவ் தொடங்கி வைத்த சிந்தனை இது. ஒரு மாவட்டத்துக்குள் காலநிலை பெரிதாக மாறாது. அதனால் பாறையும் சரிவும் மாறும் இடத்தில் மண்ணும் மாறும் என்று எதிர்பார்க்கலாம். மேசையில் போடும் தற்காலிகக் கோடு இந்த எதிர்பார்ப்புதான்.

அப்புறம் களத்துக்குப் போய் அதைச் சோதிப்பார்கள். மேட்டிலிருந்து பள்ளம் வரை நிலவகைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாதையில் துளைக்கருவியால் மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்பார்த்த இடத்தில் மண் மாறினால் கோடு நிற்கும். இல்லாவிட்டால் நகரும். சில நேரம் கோட்டையே அழித்துவிடுவார்கள். பாதைகளுக்கு இடையில் இருக்கும் கோடு முழுக்க ஊகம்தான். நல்ல ஆய்வாளரின் ஊகம் காரணத்தோடு இருக்கும் என்றாலும், அது ஊகம் என்பதை வரைபடத்தைப் படிப்பவர் மறக்கக் கூடாது.

தோண்டும் குழியில் என்ன பார்க்கிறார்கள்? நிறத்தைப் பார்த்தே செம்மண், கரிசல் என்று சொல்லிவிடலாமே?

மேல் மண்ணின் நிறம் ஏமாற்றும். ஏரி வண்டல் அடித்த வயலில் மேலே கருப்பாகவும் ஒரு சாண் கீழே சிவப்பாகவும் இருக்கும். அதனால் ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழம் வரை, அல்லது அதற்கு முன்பே கடினப் பாறை வந்தால் அதுவரை, ஒரு ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குக் குழி எடுப்பார்கள். வெயில் நேராகப் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கினால் அடுக்குகள் தெரியும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் தனிக் குறிப்பு எழுதுவார்கள். ஈரப்படுத்திய கட்டியை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு நிறத்தைக் குறிப்பார்கள். ஈர மண்ணைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாடா போலத் தள்ளிப் பார்ப்பார்கள். நாடா நீளமாக உடையாமல் வந்தால் களி அதிகம், நறநறவென்று உடனே உடைந்தால் மணல் அதிகம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சரளை எத்தனை பங்கு, வேர்கள் எந்த ஆழத்தில் நின்றுவிட்டன, நீர் தேங்கியதற்கு அடையாளமான துரு நிறப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதும் எழுதப்படும்.

கரிசலை உண்மையில் அடையாளம் காட்டுவது அதன் அசைவுதான். ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும் களிமண் அதில் நிறைந்திருப்பதால், கோடையில் ஆழமான வெடிப்புகள் விழும். மண் தன்மேல் தானே உரசி நகர்வதால், குழிச் சுவரில் பளபளவென்று வழுக்கிய சாய்ந்த பரப்புகள் தெரியும். வெர்டிசால் என்று உலக வகைப்பாட்டில் பெயர் பெற, குறைந்தது 30 விழுக்காடு களியும் இந்த அடையாளங்களும் வேண்டும். வெறும் கருப்பு நிறம் போதாது. இவை எல்லாம் முடிந்த பிறகு அடுக்கு வாரியாக மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும்.

வரைபடக் குறிப்பில் ஏதோ ஊர்ப் பெயர்கள் மண்ணின் பெயர்களாக இருக்கின்றன. அந்த ஊரில் மட்டும்தான் அந்த மண் இருக்குமா?

அது மண் தொடரின் பெயர். ஒரே தாய்ப்பாறையிலிருந்து வந்து, ஒரே மாதிரி அடுக்குகள், ஒரே மாதிரி ஆழம், நிறம், மணலும் களியும் கலந்திருக்கும் விகிதமான நயம் கொண்ட மண்களை ஒரு தொடர் என்று சேர்ப்பார்கள். முதலில் எங்கே அதை முறையாக விவரித்தார்களோ அந்த ஊரின் பெயரை வைத்துவிடுவது மரபு. பக்கத்து மாவட்டத்திலும் அதே மண் வந்தால் அதே பெயர்தான்.

ஒரு தொடருக்குள் விவசாயிக்கு முக்கியமான வேறுபாடுகளை நிலைகளாகப் பிரிப்பார்கள். மேல் மண்ணின் நயம், சரிவு, அரிப்பு ஆகியவை அதில் வரும். ஒரே தொடர் 1 விழுக்காட்டுச் சரிவில் ஒரு மாதிரியும் 8 விழுக்காட்டுச் சரிவில் வேறு மாதிரியும் பயன்படும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த நிலைகளைத்தான் அவை சொல்கின்றன. அவற்றின் விளக்கம் தொகுப்பின் குறிப்புப் பக்கத்தில் இருக்கும்.

எங்கள் பள்ளத்தில் அசல் கரிசல் மண். மாவட்ட வரைபடத்தில் மொத்தமும் செம்மண் என்று போட்டிருக்கிறார்கள். தவறு யாருடையது?

பெரும்பாலும் யாருடையதும் இல்லை, அளவுகோல் அப்படி. ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். எண்களைக் கணக்குக்காக நானே எடுத்துக்கொள்கிறேன், நில அமைப்பு மட்டும் கடினப் பாறைச் சமவெளிகளில் அடிக்கடி காண்பது.

ஒரு குன்று முகட்டிலிருந்து ஓடை வரை நடக்கிறோம். முகட்டில் 600 மீட்டர் அகலத்துக்கு ஆழமில்லாத, சரளை நிறைந்த செம்மண். நடுச்சரிவில் 1,800 மீட்டருக்கு ஆழமான செவ்வல். ஓடையை ஒட்டி 250 மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்பு கலந்த கரிசல். ஒரே பாறைதான். மேட்டிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மக்னீசியமும், அடித்து வந்த நுண்களியும் பள்ளத்தில் சேர்ந்து, வடிகால் குறைவால் அங்கேயே தங்கிக் கரிசலை உருவாக்கியிருக்கின்றன. மேட்டில் தண்ணீர் வடிந்துவிடுவதால் இரும்பு துருவேறிச் சிவப்பு மட்டும் நின்றுவிட்டது.

1:50,000 அளவில் படத்தின் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். முகடு 12 மில்லிமீட்டர், சரிவு 36 மில்லிமீட்டர், கரிசல் 5 மில்லிமீட்டர் அகலம் வரும். மூன்றையும் தனித்தனியாக வரைந்துவிடலாம். இப்போது 1:2,50,000க்குப் போவோம். கரிசல் வெறும் 1 மில்லிமீட்டர். படத்தில் 0.4 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்த திட்டைத் தனியாக வரைவதில்லை என்பது மண் வரைபடத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. அதைவிடச் சிறியதைக் கண்ணால் படிக்கவும் முடியாது, உள்ளே குறியீடு எழுதவும் முடியாது. இந்த அளவில் 0.4 சதுர சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 ஹெக்டேர். ஓடைக் கரிசல் 4 கிலோமீட்டர் நீளம் ஓடினாலும் 100 ஹெக்டேர்தான். அது படத்திலிருந்து விழுந்துவிடும்.

ஆனால் மண் கணக்கிலிருந்து அது விழக் கூடாது. நல்ல தொகுப்பில் அந்தத் திட்டு ஒரு கூட்டு அலகாகக் குறிக்கப்படும். நம் உதாரணத்தில் ஆழமான செவ்வல் ஏறத்தாழ 70 விழுக்காடு, சரளைச் செம்மண் 20க்குச் சற்று மேல், கரிசல் 10க்குச் சற்றுக் கீழ் என்று குறிப்பில் இருக்க வேண்டும். வண்ணம் மட்டும் பெரும்பங்கு மண்ணுக்கு உரியது. அதனால் நிறத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகும் முன் குறிப்பைப் படியுங்கள். குறிப்பிலும் கரிசல் இல்லை என்றால், அப்போது நிச்சயம் கேட்க வேண்டியதுதான். மிகச் சிறிய உள்ளடக்கங்களை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிடும் தொகுப்புகள் இருக்கின்றன, அது படிப்பவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கணினியில் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கினால் என் வயல் எந்த மண்ணில் விழுகிறது என்று தெரிந்துவிடுமா?

தெரிந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். பெரிதாக்கும்போது கோடு கூர்மையாகவே நிற்கிறது, புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை. 1:2,50,000 அளவில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடே தரையில் 125 மீட்டரை மூடும். சிறு வயல் ஒன்று முழுதாக அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கே அந்த அளவில் பொருள் இல்லை. வயலுக்கு முடிவு எடுக்க 1:10,000 அளவில் அல்லது அதைவிட விரிவாகச் செய்த ஆய்வு வேண்டும். இல்லாவிட்டால் வயலிலேயே ஒரு குழி எடுத்துவிடலாம்.

தழைச்சத்து, மணிச்சத்து வரைபடமும் தொகுப்பில் இருக்கிறது. அதுவும் மண் வகை வரைபடமும் ஒன்றா?

இல்லை. சத்து வரைபடம் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளை வைத்துப் போடப்படுகிறது. உரம் போட்டால், பயிர் மாறினால், சில பருவங்களில் அது மாறும். மண் தொடர் அப்படி மாறாது, குழியில் பார்த்த அடுக்குகள் நூற்றாண்டுகளில் உருவானவை. சத்து வரைபடத்துக்கு எந்த ஆண்டு மாதிரி என்பதுதான் உயிர். ஆண்டு போடாத சத்து வரைபடத்தை நான் பயன்படுத்த மாட்டேன்.

மண் வகைப் பக்கமும் ஒரு விதத்தில் பழசாகும். கால்வாய்ப் பாசனம் வந்து வடிகால் சரியில்லாமல் போனால், சில பத்தாண்டுகளுக்குள் உப்பும் உவரும் மேலே வந்துவிடும். அதனால் பாசனப் பகுதியில் ஆய்வு நடந்த ஆண்டையும் அச்சிட்ட ஆண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பயிர் மண்டல வரைபடத்துக்கு யாராவது வயல் வயலாகப் போய்ப் பார்க்கிறார்களா?

பயிர்ப் பரப்பைக் கிராம அளவில் பதிவு செய்பவர்கள் வயலுக்குப் போகிறார்கள். வரைபடம் போடுபவர் பொதுவாகப் போவதில்லை. அவர் கையில் இருப்பது ஒன்றியம் அல்லது வட்டம் வாரியாகத் தொகுத்த புள்ளிவிவரம், அதாவது எந்தப் பயிர் எத்தனை ஹெக்டேர் என்பது.

இதனால் ஒரு பெரிய விளைவு உண்டு. மண் வரைபடத்தின் எல்லை நிலத்தைப் பின்பற்றிப் போகிறது. பயிர் வரைபடத்தின் எல்லை நிர்வாகத்தைப் பின்பற்றிப் போகிறது. ஒரு ஒன்றியத்தில் பாதி காடாக இருந்தாலும், நெல் மண்டலம் என்று நிறம் பூசினால் காட்டின் மேலும் அந்த நிறம் விழும். ஓடையோரக் கழனியில் மட்டும் விளையும் நெல், மேட்டுச் சரளையிலும் விளைவது போலத் தெரியும். இதைக் குறைக்க, காடு, குன்று, குடியிருப்பு ஆகியவற்றை நிலப் பயன்பாட்டுப் படத்தை வைத்து வெட்டி நீக்கிவிட்டு, மீதிச் சாகுபடி நிலத்துக்கு மட்டும் நிறம் கொடுப்பது ஒரு வழி. புள்ளி வரைபடம் இன்னொரு வழி. ஒரு புள்ளி 100 ஹெக்டேர் என்று வைத்து, சாகுபடி நடக்கும் இடங்களில் மட்டும் புள்ளிகளை இடுவார்கள்.

ஒரு ஒன்றியத்தில் நெல், கடலை, உளுந்து எல்லாம் விளைகிறது. அது எந்தப் பயிர் மண்டலம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மிகுதியாக விளையும் ஒரே பயிரின் பெயரைச் சொல்லிவிடுவது எளிய வழி. அதைவிட நியாயமானது பயிர்ச் சேர்க்கை முறை. அமெரிக்கப் புவியியலாளர் ஜான் வீவர் 1954இல் அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதிக்காக இதை வெளியிட்டார். இன்றுவரை மாவட்டத் தொகுப்புகளில் இதன் வடிவங்கள்தான் அதிகம் பயன்படுகின்றன.

இதன் எண்ணம் எளிது. ஒரே பயிர் மண்டலம் என்றால் அந்தப் பயிர் 100 விழுக்காடு இருக்க வேண்டும். இரு பயிர் மண்டலம் என்றால் 50, 50. மூன்று என்றால் 33.3 வீதம், நான்கு என்றால் 25 வீதம். உண்மையான பங்குகள் இந்த இலட்சிய நிலைகளில் எதற்கு மிக அருகில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் இலட்சியப் பங்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அந்த விலகலை அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பயிர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எந்த நிலையில் விடை மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் அந்த ஒன்றியத்தின் சேர்க்கை.

ஒரு கற்பனை ஒன்றியத்தில் நெல் 46, நிலக்கடலை 27, உளுந்து 12, பருத்தி 8, எள் 5 விழுக்காடு, மற்றவை 2 என்று வைப்போம்.

ஒரு பயிர் நிலை: 100லிருந்து 46 போனால் 54. அதன் வர்க்கம் 2,916.

இரு பயிர் நிலை: நெல்லின் விலகல் 4, கடலையின் விலகல் 23. வர்க்கங்கள் 16, 529. கூட்டினால் 545, இரண்டால் வகுத்தால் 272.5.

மூன்று பயிர் நிலை: விலகல்கள் 12.67, 6.33, 21.33. வர்க்கங்களின் கூட்டு ஏறத்தாழ 655.7, மூன்றால் வகுத்தால் 218.6.

நான்கு பயிர் நிலை: விலகல்கள் 21, 2, 13, 17. கூட்டு 903, நான்கால் வகுத்தால் 225.8.

ஐந்து பயிர் நிலை: விலகல்கள் 26, 7, 8, 12, 15. கூட்டு 1,158, ஐந்தால் வகுத்தால் 231.6.

மிகக் குறைந்தது 218.6. ஆகவே இது நெல், கடலை, உளுந்து மண்டலம் என்று படத்தில் நிறம் பெறும்.

அந்த மூன்று, நான்கு, ஐந்து விடைகள் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றனவே? கொஞ்சம் மாறினாலும் மண்டலம் மாறிவிடாதா?

மாறிவிடும். வீவர் முறையில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பயிர் எண்ணிக்கையால் வகுப்பதால், சிறு பயிர்களைச் சேர்த்துக்கொண்டே போனாலும் விடை பெரிதாக உயர்வதில்லை. பல்வகைப் பயிர் விளையும் பகுதியில் எட்டு, ஒன்பது பயிர்ச் சேர்க்கை என்றெல்லாம் வந்து, படிப்பவருக்கு ஒன்றும் புரியாமல் போய்விடும்.

ஜப்பானியப் புவியியலாளர் டோய் இதைத் திருத்தினார். வகுக்க வேண்டாம், வர்க்கங்களின் கூட்டை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றார். நம் ஒன்றியத்துக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: 2,916, 545, 655.7, 903, 1,158. மிகக் குறைந்தது 545. டோய் முறையில் அதே ஒன்றியம் நெல், கடலை என்ற இரு பயிர் மண்டலம். உளுந்து பெயரிலிருந்தே போய்விட்டது.

எது சரி? என் கருத்தைச் சொன்னால், மாவட்டப் படத்துக்கு டோய் முறை படிக்க எளிது. ஆனால் 12 விழுக்காட்டு உளுந்து, நெல் அறுத்த தரிசில் மீதி ஈரத்தை வைத்து விளைவதாக இருந்தால், அந்த நிலத்தின் இரண்டாம் பருவமே அதுதான். அதை மறைக்கும் படம் குறைபாடுள்ள படம். எந்த முறையைப் பயன்படுத்தினாலும் அதன் பெயரைப் படத்தின் அடியில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால், இரு வேறு தொகுப்புகளை ஒப்பிட்டு இங்கே உளுந்து குறைந்துவிட்டது என்று யாராவது முடிவுக்கு வந்துவிடுவார்கள். உண்மையில் வாய்ப்பாடுதான் மாறியிருக்கும்.

விழுக்காடு என்கிறீர்கள். எதில் விழுக்காடு? ஒரே வயலில் இரண்டு போகம் எடுத்தால் எப்படிக் கணக்கு?

பெரும்பாலும் மொத்தச் சாகுபடிப் பரப்பில். ஒரு ஹெக்டேரில் முதலில் நெல், அப்புறம் உளுந்து போட்டால் அது இரண்டு ஹெக்டேராக எண்ணப்படும். நிகர சாகுபடிப் பரப்பில் அதே நிலம் ஒரு ஹெக்டேர்தான். நிகரப் பரப்பை வைத்து விழுக்காடு போட்டால் பயிர்களின் கூட்டு 100ஐத் தாண்டும். அப்போது மேலே செய்த கணக்கே செல்லாது. தொகுப்பில் பங்குகளைக் கூட்டிப் பார்த்தாலே எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆண்டும் அதே அளவு முக்கியம். மழை பொய்த்த ஆண்டில் நம் ஒன்றியத்தில் நெல் 30க்கு இறங்கி, கடலை 30, உளுந்து 20, பருத்தி 12, எள் 8 ஆனால் வீவர் கணக்கில் மூன்று பயிர் நிலைக்கு 66.7, நான்கு பயிர் நிலைக்கு 61 வரும். மண்டலம் நான்கு பயிருக்கு மாறிவிடும். நிலத்தில் எதுவும் மாறவில்லை, அந்த ஆண்டு தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். இதற்காகத்தான் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுப்பது வழக்கம். படத்தின் தலைப்பில் ஒரே ஒரு ஆண்டு இருந்தால், அது எப்படிப்பட்ட மழை ஆண்டு என்று முதலில் பாருங்கள்.

மண் படத்தையும் பயிர்ப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எந்த மண்ணில் எந்தப் பயிர் என்று சொல்லலாமா?

கவனமாக. செம்மண் 70 விழுக்காடு உள்ள ஒன்றியத்தில் நெல் 46 விழுக்காடு என்றால், நெல் செம்மண்ணில் விளைகிறது என்று பொருள் இல்லை. மொத்த நெல்லும் மீதி 30 விழுக்காட்டு நிலத்திலேயே இருக்கலாம், அதுவும் இரண்டு போகமாக. ஒன்றியத்தின் சராசரியிலிருந்து வயலின் உண்மைக்குத் தாவ முடியாது. தாவ வேண்டுமானால், பருவ வாரியாக எடுத்த செயற்கைக்கோள் படத்தில் நெல் வயல்களை அடையாளம் கண்டு, அந்தத் திட்டுகளை மண் திட்டுகளோடு நேரடியாக ஒப்பிட வேண்டும்.

மண்ணுக்கும் பயிருக்கும் உண்மையான இணைப்பு, மண் எத்தனை நாள் தண்ணீர் கொடுக்கும் என்பதில் இருக்கிறது. வேளாண் சூழல் மண்டலங்களைப் பிரிக்க உலக உணவு வேளாண் அமைப்பு பயன்படுத்தும் வளர்ச்சிக் காலக் கணக்கு இதையே அளக்கிறது. மழை, ஆவியாதல் தேவையில் பாதியைத் தாண்டும் நாளில் காலம் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறங்கிய பிறகும், மண்ணில் சேர்ந்த ஈரம் தீரும் வரை காலம் நீள்கிறது. அந்த நீட்சிதான் மண்ணின் பங்கு. ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிருக்குக் கிடைக்கும் ஈரமாக ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் வைத்திருக்கும் என்று கொள்வோம். 30 சென்டிமீட்டர் சரளைச் செம்மண் 30 மில்லிமீட்டர் வைத்திருக்கட்டும். பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடித்தால், மழை நின்ற பிறகு ஒன்றில் 30 நாள், மற்றொன்றில் 6 நாள். ஒரே மழை பெய்யும் இரண்டு வயல்களில் ஒன்று பருத்தியைத் தாங்குவதற்கும் மற்றொன்று குறுகிய காலப் பயிரோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்.

பாசனம் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கால்வாய் அல்லது கிணறு உள்ள இடத்தில் பயிரின் எல்லை தண்ணீரின் எல்லையோடு ஓடும், மண்ணோடு ஓடாது. அதனால் இரண்டு படங்களை வைத்துப் பார்க்கும்போது மூன்றாவதாகப் பாசனப் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொகுப்பு நம்பத் தகுந்ததா என்று வெளியிலிருந்தே சோதிக்க வழி உண்டா?

எனக்குப் பிடித்த சோதனை மாவட்ட எல்லையில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தின் மண் பக்கத்தை எடுத்து இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வையுங்கள். பாறையும் ஓடையும் நிர்வாக எல்லையில் நிற்பதில்லை, மண் திட்டும் நிற்கக் கூடாது. எல்லையில் ஒரு பக்கம் ஆழமான செவ்வல், மறுபக்கம் ஆழமற்ற செம்மண் என்று நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தால், இரு குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து, தொடர்களை ஒப்பிட்டு ஒன்றாக்கும் கட்டத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். எல்லையே ஆறாகவோ மலை முகடாகவோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது, மண் எல்லை ஒன்றிய எல்லையோடு பல இடங்களில் ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். போனால் அது கள ஆய்விலிருந்து வந்த மண் வரைபடமே இல்லை. ஒன்றியம் வாரியாக ஒரு மண்ணின் பெயரை எழுதி நிறம் பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவது, நடந்து பார்ப்பது. படத்தில் ஒரு கோட்டைக் குறுக்கே வெட்டும் சாலையைத் தேர்ந்தெடுத்து, சாலையோரப் பள்ளங்கள், புதிதாகத் தோண்டிய கிணறுகள், அஸ்திவாரக் குழிகள் ஆகியவற்றின் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். அடுக்குகளின் நிறம், ஆழம், சரளை மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1:50,000 படத்தில் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதாவது 50 முதல் 100 மீட்டர், தள்ளி மாறினால் அது நல்ல கோடு. ஒரு கிலோமீட்டர் போயும் மண் மாறவில்லை என்றால், அல்லது கோடே இல்லாத இடத்தில் மாறினால், அந்தப் பகுதிக்கு யாரும் துளைக்கருவியோடு வந்திருக்க வாய்ப்பு குறைவு. அங்கே படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழியை நம்புங்கள்.